ரெண்டு வருஷமா ஆடின கேரக்டர் சாகணும், சப்புனு முடியக்கூடாது: என்ன செய்யலாம்?

கேள்வி: ரெண்டு வருஷமா ஐந்து பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற கதை விளையாட்டோட ஐந்தாம் பதிப்பை நடத்துறேன். ஒரு தோழி தன்னோட கேரக்டர் கதை முடியுற இடம் வந்துடுச்சு, அவ சாகட்டும், ஆனா அர்த்தமா சாகணும்னு கேக்குறாங்க. போன வருஷம் வேற ஒரு கேரக்டர் சண்டையில செத்தப்போ யாருக்கும் எதுவும் தோணல, சப்புனு போச்சு. இந்தத் தடவை எப்படி அமைக்கிறது?

பதில்: போன வருஷம் சப்பென்று போனதற்குக் காரணம் உங்கள் வர்ணனை இல்லை என்றுதான் நினைக்கிறேன். விதிகளில் சாவு எப்படி வருகிறது என்று ஒரு தடவை பாருங்கள். உயிர்பலத்தைக் காட்டும் ஹிட் பாயிண்ட் பூஜ்யம் ஆனதும் கேரக்டர் மயங்கி விழுகிறது. அதன் பிறகு தன் முறை வரும்போதெல்லாம் ஒரு இருபது பக்கப் பகடை: 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு வெற்றி, கீழே விழுந்தால் ஒரு தோல்வி. மூன்று தோல்வி சேர்ந்தால் கதை முடிந்தது. 1 விழுந்தால் அதுவே இரண்டு தோல்வி. அதாவது சாகப் போகிற ஆளால் பேச முடியாது, அசைய முடியாது, ஒன்றையும் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டு வருஷம் அந்தக் கேரக்டராகவே யோசித்தவர், அதன் கடைசி நிமிஷத்தில் பகடை உருட்டும் ஆளாக மட்டும் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்களோ துக்கப்பட நேரமில்லாமல், யார் கையில் ஹீலிங் வேர்ட் என்ற குணப்படுத்தும் மந்திரம் இருக்கிறது, அறுபது அடிக்குள் இருக்கிறோமா என்று கணக்குப் போடுகிறார்கள். செத்த பிறகும் கணக்கு ஓயாது. ஒரு நிமிஷத்துக்குள், அதாவது பத்து ரவுண்டுக்குள், 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் இருந்தால் ரெவிவிஃபை மந்திரத்தால் உயிர்ப்பித்துவிடலாம்.

சண்டைக்கு இந்த அமைப்பு நல்ல அமைப்புதான். விடைபெறும் காட்சிக்கு இது எதிரி. அதனால் உங்கள் தோழியின் சாவை டெத் சேவிங் த்ரோ என்ற இந்தப் பகடை உருட்டலிலிருந்து முழுசாக வெளியே எடுத்துவிடுங்கள். அவர் விழிப்போடு, நின்றபடி, பேசிக்கொண்டு, விலை என்னவென்று தெரிந்து, "நான் கொடுக்கிறேன்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பகடை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவாளா மாட்டாளா என்பதைப் பகடை தீர்மானிக்கக் கூடாது. அவள் சாவால் எவ்வளவு கிடைத்தது என்பதைத் தீர்மானிக்கட்டும்.

என் மேஜையில் நடந்த ஒன்றை முழுசாகச் சொல்கிறேன். உங்கள் நிலைமைக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் அளவுகள் பயன்படும்.

கேரக்டர் பெயர் நீலா. ஒன்பதாம் லெவல் ரோக். முன்னாள் கடத்தல்காரி. போரிலிருந்து தப்பி ஓடுகிறவர்களைக் காசு வாங்கிக்கொண்டு தோணியில் அக்கரை சேர்த்தவள். ஒரு ராத்திரி காவல்படை வந்ததும், ஆட்களோடு தோணியை நடு ஆற்றில் விட்டுவிட்டுத் தான் மட்டும் நீந்தித் தப்பினாள். அந்த ராத்திரிதான் கேம்பெயின் முழுக்க அவளைத் துரத்தியது. நீலாவை ஆடிய தோழி, சாவு நடப்பதற்கு நாலு செஷனுக்கு முன்னால் என்னிடம் வந்தார்.

தனியாக ஒரு மணி நேரம் பேசினோம். நான் அவரிடம் கேட்டது மூன்று விஷயம். அவள் முடிக்காமல் விட்ட காரியம் எது? கடைசியாக யாரோடு பேச வேண்டும்? என்ன நடக்கவே கூடாது? முதல் கேள்விக்குப் பதில் உடனே வந்தது: அந்தத் தோணி. இரண்டாவதுக்கு, பார்ட்டியில் குணப்படுத்தும் மந்திரம் போடும் க்ளெரிக் என்றார். மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப உதவியது. "அவளை யாரும் கொல்லக் கூடாது, அவ உடம்பு சிதையுறதை நீங்க விவரிக்கக் கூடாது, அப்புறம் பேயா வந்து பேசக் கூடாது" என்றார். இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் நான் நிச்சயம் ஒரு வில்லனின் வாளில் கொண்டுபோய் முடித்திருப்பேன்.

மற்ற நாலு பேருக்கும் எவ்வளவு சொல்வது என்பதில் ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கும். என் முடிவு இது: சாவு வரக்கூடும் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும், அது ஏற்பாடு செய்தது என்பது தெரிய வேண்டியதில்லை. "வரப்போற செஷன்ல ஒரு கேரக்டர் திரும்பி வராம போகலாம், துக்கம் நிறைய இருக்கும், யாருக்காவது இப்போ அது வேண்டாம்னா எனக்குத் தனியா சொல்லுங்க" என்று ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பினேன். சமீபத்தில் வீட்டில் யாரையாவது இழந்தவர் மேஜையில் இருந்தால் ஒத்திப்போடுவதுதான் சரி. ஒரு மாதம் கழித்துச் செத்தாலும் நீலா நீலாதான்.

அடுத்தது காட்சியின் எலும்புக்கூடு. செத்தவர்களின் ஆறு ஒன்று. ஓடக்காரர் இல்லாமல் கிடக்கிறது. தவறான சாபத்தால் இழுத்து வரப்பட்ட உயிருள்ள ஊர்க்காரர்கள் 36 பேர் அக்கரையில் நிற்கிறார்கள். தோணியில் ஒரு தடவைக்கு ஆறு பேர்தான் ஏற முடியும். துடுப்பைப் பிடிப்பவர் ஒவ்வொரு தடவையும் ஆற்றுக்கு ஒரு விலை கொடுக்க வேண்டும்.

அந்த விலை என்ன என்பதில்தான் நான் முதலில் தப்புப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அதிகபட்ச ஹிட் பாயிண்டில் 11 குறையும் என்று எழுதி வைத்திருந்தேன். நீலாவுக்கு மொத்தம் 66, ஆறு தடவையில் பூஜ்யம். அழகான கணக்கு. செஷனுக்கு இரண்டு நாள் முன்பு பார்ட்டியின் கேரக்டர் ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டியபோதுதான் உறைத்தது. ஒன்பதாம் லெவல் க்ளெரிக்குக் கையில் ஒரு ஐந்தாம் லெவல் மந்திர ஸ்லாட் உண்டு. கிரேட்டர் ரெஸ்டோரேஷன் போட்டால் குறைந்த அதிகபட்ச ஹிட் பாயிண்ட் அப்படியே திரும்பிவிடும். 100 பொற்காசு மதிப்புள்ள வைரப்பொடி வேண்டும், அது அவர்களிடம் இருந்தது. க்ளெரிக் அதைப் போட்டிருந்தால் நான் இரண்டில் ஒன்று செய்ய வேண்டியிருக்கும்: காட்சியைக் கைவிடுவது, அல்லது "இங்கே அது வேலை செய்யாது" என்று தடுப்பது. இரண்டாவது ரொம்ப மோசம். தன் நண்பரைக் காப்பாற்ற ஒருவர் விதிப்படி சரியான வழி கண்டுபிடிக்கும்போது ஆட்டத்தை நடத்தும் டிஎம் கையை உயர்த்தித் தடுத்தால், அந்த நிமிஷத்திலிருந்து அவர்கள் ஆற்றின் முன்னால் நிற்பதில்லை, உங்கள் முன்னால்தான் நிற்கிறார்கள்.

அதனால் நீங்களும் முதல் வேலையாக ஐந்து ஷீட்டையும் எடுத்து வைத்து, குணப்படுத்தும், உயிர்ப்பிக்கும், இடம் மாற்றும் மந்திரம் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். டெத் வார்டு, மிஸ்டி ஸ்டெப், பையில் கிடக்கும் வைரம் எல்லாமே. பிறகு அவற்றில் எதுவும் எட்டாத ஒரு விலையைத் தேடுங்கள்.

நான் கண்டுபிடித்த விலை நினைவு. காயமும் இல்லை, சாபமும் இல்லை, மனசாரக் கொடுத்தது. தோழியிடம் ஆறு வெற்று அட்டைகளைக் கொடுத்து, நீலாவின் ஆறு நினைவுகளை எழுதி வரச் சொன்னேன். ஆறாவது அட்டையில் அவள் பெயர் மட்டும் இருக்க வேண்டும். பெயரையும் கொடுத்தவள் ஆற்றின் ஓடக்காரி ஆகிவிடுவாள், நீலா என்று ஒருத்தி இனி இல்லை. செத்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட் பற்றியும் முன்கூட்டியே பேசிக்கொண்டோம். செத்துப் பத்து நாளுக்குள், 500 பொற்காசு வைரத்தோடு அதைச் செய்யலாம். ஆனால் ஆன்மா திரும்பி வர விரும்ப வேண்டும் என்று அந்த மந்திரத்திலேயே இருக்கிறது. வருவதா வேண்டாமா என்பது ஆடுகிறவரின் உரிமை. அவர் வர மாட்டாள் என்றார்.

ஒவ்வொரு தடவையும் தோணி கரை சேரும்போது நீலா ஒரு அட்டையை வாய்விட்டுப் படித்து, அதை மேஜையில் இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். அவள் இழந்த நினைவை இனி அந்த ஆள் வைத்திருப்பார். மற்ற நாலு பேரும் வெறும் பார்வையாளர்களாக நிற்காமல் இருக்க இது ஒரு வழி. இன்னொரு வழியைப் பகடையில் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் துடுப்புப் போட ஒரு சோதனை, எட்ட வேண்டியது 15. நீலாவுக்குத் தோணி ஓட்டத் தெரியும், மொத்தம் +5. அதாவது பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு. தோற்றால் இரண்டு பேர் தண்ணீரில் விழுவார்கள், அவர்களை ஆறு எடுத்துக்கொள்ளும். கரையில் நிற்கும் ஒருவர் தனக்கு உண்மையிலேயே முக்கியமான ஒரு பொருளை ஆற்றில் எறிந்தால் ஒரு முறை திரும்ப உருட்டலாம்.

இந்த விதிகள் அத்தனையையும் முதல் தோணி கிளம்பும் முன்பே ஆற்றின் குரலாகச் சொல்லிவிட்டேன். 36 பேர், ஆறு தடவை, ஆறாவது விலை பெயர், பெயர் கொடுத்தவர் திரும்புவதில்லை. எதையும் மறைக்கவில்லை. விலை தெரியாமல் சாவது விபத்து. நீங்கள் விபத்தை அமைக்கவில்லை.

முதல் அட்டை அவளுடைய முதல் தோணியின் நிறம். இரண்டாவது தம்பியின் முகம். மூன்றாவது தடவை நான் ஒரு தப்புச் செய்தேன். காட்சியின் கனத்தில் என்னையும் அறியாமல், "நீலாவின் கண்ணில் நீர் நிறைகிறது, கை நடுங்குகிறது" என்று சொல்லிக்கொண்டே போனேன். தோழி நிமிர்ந்து பார்த்து, "இல்ல, அவ அழ மாட்டா. அவ தோணியில ஏறுற குழந்தைக்கு எங்க பிடிச்சுக்கணும்னு காட்டுறா" என்றார். அவர் சொன்னது என் வாக்கியத்தைவிடப் பத்து மடங்கு நன்றாக இருந்தது. ஆறு, பனி, தோணியின் சத்தம், ஊர்க்காரர்களின் முகம் எல்லாம் உங்களுடையது. அவள் உடம்பும் சொல்லும் மனசும் கடைசி வரை தோழியுடையது. நீங்கள் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தி, "நீலா என்ன பண்றா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வர அரை நிமிஷம் ஆனாலும் அந்த மௌனத்தை நிரப்பாதீர்கள்.

நாலாவது அட்டை ஃபைட்டரின் கைக்குப் போனது. முதல் செஷனில் இருவரும் ஒரு வண்டிக்கடியில் மழைக்கு ஒதுங்கிய ராத்திரி. அவர் அதை வாங்கிக்கொண்டு, "நான் யாருன்னு இப்ப உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியல. ஆனா நீங்க கரையில நிக்கிறது நல்லா இருக்கு" என்றாள் நீலா. ஃபைட்டர் தன் தகப்பனின் கேடயத்தை ஆற்றில் எறிந்தது அதற்கு அடுத்த உருட்டலில்தான்.

அதுவரை மூன்றாவது ஆளான விசார்ட் ஷீட்டைப் புரட்டி மந்திரம் தேடிக்கொண்டே இருந்தார். காட்சி பிடிக்கிறதா இல்லையா என்பதற்கு எனக்குத் தெரிந்த நம்பகமான அடையாளம் இது. ஆட்கள் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கு இது இன்னும் தீர்க்க வேண்டிய புதிர். அவர்கள் தலை நிமிர்ந்து கேரக்டரின் பெயரைச் சொல்லிப் பேசத் தொடங்கிவிட்டால், விடைபெற ஆரம்பித்துவிட்டார்கள். புதிராகவே பார்க்கிறார்கள் என்றால் விலையை நீங்கள் தெளிவாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். ஆட்டத்தை நிறுத்தி, டிஎம்மாக, நேராகச் சொல்லிவிடுங்கள்: "இதைச் சுத்திப் போக வழி இல்லை. செய்யலாம், இல்லன்னா விட்டுட்டுப் போகலாம்." நான் அப்படித்தான் சொன்னேன். விசார்ட் ஷீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

ஐந்தாவது அட்டையை நான் எதிர்பார்க்கவே இல்லை. தோழி அதில் எழுதியிருந்தது, தோணியை நடு ஆற்றில் விட்டுவிட்டு நீந்திய அந்த ராத்திரி. அதை க்ளெரிக்கின் கையில் கொடுத்தார். யோசித்துப் பாருங்கள்: எந்தக் குற்ற உணர்ச்சியால் துடுப்பைப் பிடித்தாளோ, அதுவே இப்போது அவளிடம் இல்லை. அக்கரையில் இன்னும் ஆறு பேர். ஏன் போக வேண்டும் என்பதற்கு அவளிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை.

நான் அங்கே நிறுத்தினேன். "தோணி இந்தக் கரையில் நிற்கிறது. துடுப்பைக் கீழே வைக்கலாம். உயிரோடு வீட்டுக்குப் போகலாம்" என்றேன். இந்த வாக்கியத்தை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். தோழி என்ன செய்வார் என்று உங்களுக்கும் அவருக்கும் தெரிந்திருந்தாலும், கதவு நிஜமாகவே திறந்திருக்க வேண்டும். அவர் மனசு மாறி இறங்கி வந்தால், நாலு செஷன் பேசி வைத்த திட்டத்தை அப்படியே விட்டுவிட நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

க்ளெரிக் சொன்னார்: "நீலா, போதும். முப்பத்தாறு பேர்ல இருபத்தாறு பேர் வந்தாச்சு. உனக்கு எந்தக் கடனும் இல்ல."

"கடன்னா என்னன்னு தெரியலங்க. அங்க ஆறு பேர் நிக்கிறாங்க. தோணி என்கிட்ட இருக்கு."

பிறகு ஆறாவது அட்டையை எடுத்து, படிக்காமல், கவிழ்த்தபடி க்ளெரிக்கின் முன்னால் வைத்தார். அந்தக் கடைசி உருட்டலில் 17 விழுந்தது. ஆறு பேரும் வந்தார்கள். மொத்தத்தில் 32 பேர் தப்பினார்கள், நாலு பேர் ஆற்றோடு போனார்கள். அந்த நாலு பேர் போனதும் நல்லதுக்குத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். எல்லோரும் தப்பியிருந்தால் அது ஏற்பாடு செய்ததுபோல் இருந்திருக்கும்.

நேரத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எங்கள் செஷன் நாலு மணி நேரம். ஆற்றுக் காட்சி இரண்டாவது மணி முடியும்போது தொடங்கி ஐம்பது நிமிஷம் ஓடியது. மிச்சமிருந்த ஒரு மணி நேரத்தில் சண்டை எதுவும் வைக்கவில்லை. ஊர்க்காரர்களை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள், யார் பெயரை யாரிடம் சொல்வது என்று பேசினார்கள், ஃபைட்டர் கேடயம் இல்லாத தோளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். சாவை செஷனின் கடைசிப் பத்து நிமிஷத்தில் வைத்தால் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வில்லனை வீழ்த்தும் அதே நேரத்தில் வைத்தாலும் வேண்டாம். வெற்றிக்குக் கத்துவதா, அழுவதா என்று தெரியாமல் இரண்டுமே அரைகுறையாகப் போகும்.

அந்த ஒரு மணி நேரம் தோழி என்ன செய்வார் என்பதையும் யோசித்து வையுங்கள். சும்மா உட்கார வைத்தால் கொடுமை. புதுக் கேரக்டரை அன்றே உள்ளே விட்டால் நீலாவின் இடம் சூடு ஆறும் முன் நிரம்பிவிடும். எங்கள் தோழி, தோணியில் எங்கே பிடித்துக்கொள்வது என்று நீலா காட்டினாளே, அந்தக் குழந்தையாக ஆடினார். புதுக் கேரக்டர் இரண்டு செஷன் கழித்துத்தான் வந்தது, அதுவும் நீலாவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவராக. பழையவர்கள் அவருக்கு அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

உங்களுக்கு இன்னொரு சந்தேகம் வரும்: ஏற்பாடு செய்த நாளுக்கு முன்பே ஏதோ ஒரு கோப்ளின் சண்டையில் அவள் விழுந்துவிட்டால்? இதைத் தோழியோடு முன்பே முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் பேசிக்கொண்டது, மூன்றாவது தோல்வி விழுந்தால் அவள் கண் திறந்து ஒரே ஒரு செயல் செய்வாள், அது பகடை இல்லாமல் முழுசாக வெல்லும், பிறகு போய்விடுவாள் என்று. 2025-இல் வந்த டாகர்ஹார்ட் விளையாட்டில் சாகும் கேரக்டருக்கு இருக்கும் தேர்வுகளில் ஒன்று கிட்டத்தட்ட இதுதான். ஐந்தாம் பதிப்பில் அப்படியே செருகலாம், எதையும் உடைக்காது. போன வருஷம் செத்த கேரக்டருக்கும் இந்த ஒரு செயல் கிடைத்திருந்தால் மேஜை அவ்வளவு வெறுமையாக இருந்திருக்காது.

அட்டைகளை நான் திரும்ப வாங்கவில்லை. ஐந்து மாதம் கழித்துப் பார்ட்டி வேறு வேலையாக அதே ஆற்றுக்கு வந்தது. ஓடக்காரி யாரையும் அடையாளம் தெரியாமல், கூலி என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டாள். க்ளெரிக் பையிலிருந்து ஆறாவது அட்டையை எடுத்தார். அதைக் கொடுப்பதா, தன்னிடமே வைத்துக்கொள்வதா என்று கேட்பதுபோல் தோழியைப் பார்த்தார். தோழி தலையை மெல்ல அசைத்து வேண்டாம் என்றார். க்ளெரிக் அட்டையை உள்ளே வைத்துவிட்டு, சாதாரணக் கூலியைக் கொடுத்துத் தோணியில் ஏறினார்.